“எடை கூடினா உடம்பு தேறுதுன்னுதானே சிஸ்டர்?”: இதயச் செயலிழப்பில் டீச்-பேக் உரையாடல்

கேள்வி: “நான் இதய வார்டில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ். ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளை டிஸ்சார்ஜ் செய்யும்போது டீச்-பேக் செய்யச் சொல்கிறார்கள், அதாவது நாம் சொன்னதை நோயாளியையே அவர் வார்த்தையில் திருப்பிச் சொல்லவைக்க வேண்டுமாம். எல்லாம் சொல்லி முடித்து ‘புரிஞ்சுதா?’ என்றால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். பத்து நாளில் அதே ஆள் மூச்சுத் திணறலோடு திரும்பி வருகிறார். வார்த்தைக்கு வார்த்தை எப்படிப் பேசுவது என்று யாராவது எழுதிக் காட்டுவீர்களா?”

பதில்:

முதலில் அந்த ‘புரிஞ்சுதா?’வைத் தூக்கிப் போடுங்கள். மூன்று நாளாகத் தன்னைக் கவனித்துக்கொண்ட ஒருவரின் முகத்துக்கு நேராக ‘புரியலை’ என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. தலையாட்டுவது மரியாதை, அவ்வளவுதான். டீச்-பேக்கில் சோதனைக்கு உள்ளாவது நீங்கள் விளக்கிய விதம். நோயாளியின் ஞாபகசக்தியை யாரும் சோதிக்கவில்லை. அதை வாய்விட்டே சொல்லித் தொடங்குங்கள். நான் சொல்வது இப்படி:

“ஐயா, நான் கொஞ்சம் வேகமாப் பேசுற ஆளு. சில நேரம் முக்கியமானதை விட்டுடுவேன். அதனால நடுவுல நடுவுல நிறுத்தி, நான் சொன்னதை உங்க வாயால ஒரு தடவை கேட்டுக்குறேன். தப்பா வந்தா அது என் தப்பு, மறுபடி சொல்றேன்.”

இதைச் சொன்னதும் பலர் கொஞ்சம் சாய்ந்து உட்காருவார்கள். பரீட்சை பயம் போய்விடும்.

பேசும் நேரத்தையும் பாருங்கள். நீர் பிரியும் மாத்திரை கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் போய் உட்காராதீர்கள். ஃபுரோஸமைட் வாய்வழி போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடும். அவர் மனசெல்லாம் கழிவறையில்தான் இருக்கும், உங்கள் பேச்சு எங்கே ஏறப்போகிறது? காதுக்கு மெஷின் வைப்பவரென்றால் மெஷின் காதில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் மாத்திரை எடுத்துத் தருபவர் யாரோ அவரும் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் நோயாளியிடம் கேட்ட கேள்விக்கு அவர் முந்திக்கொண்டு பதில் சொல்ல விடாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லக் கூடாது. ஒரு விஷயம், ஒரு கேள்வி, சரியானால் அடுத்தது. நான் எடுத்துக்கொள்வது மூன்றுதான்: எடை, மாத்திரை, எப்போது யாரைக் கூப்பிடுவது. இதில் எடைக்குத்தான் பாதி நேரம் போகும். போகட்டும். வீட்டுக்குப் போன பிறகு உடம்பில் நீர் சேர்வதை, மூச்சு வாங்குவதற்கு முன்பே காட்டக்கூடிய சாதனம் எடை மெஷின்தான்.

நோயின் பெயரில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ‘இதயச் செயலிழப்பு’ என்றால் இதயம் நின்றுவிட்டது என்றுதான் கேட்பவருக்குப் படும். ஒரு அம்மா இரவெல்லாம் தூங்காமல் தன் நாடியையே பிடித்துக்கொண்டிருந்தார். ‘செயலிழந்துடுச்சுன்னு டாக்டர் சொன்னாரே, எப்ப நிக்குமோ’ என்றார். ஆகவே இப்படிச் சொல்கிறேன்: “இதயம் நிக்கலை. பம்ப் பண்ற பலம் குறைஞ்சிருக்கு. பம்ப் மெதுவா ஓடினா தண்ணி தேங்கும் இல்லையா, அது மாதிரி உடம்புல தண்ணி தேங்குது. காலில தேங்கினா வீக்கம், நுரையீரல்ல தேங்கினா மூச்சு வாங்கும்.” இதற்கு மேல் உடற்கூறு வேண்டாம்.

இனி எடை. சமீபத்தில் பேசிய ஒருவரோடு நடந்ததை அப்படியே தருகிறேன். அறுபதைத் தாண்டியவர், மனைவி பக்கத்தில். வீக்கமெல்லாம் வடிந்து மறுநாள் வீட்டுக்குப் போகிறார். அன்று காலை எடை 68 கிலோ.

நான் சொன்னது: “தினமும் காலையில எழுந்ததும், ஒண்ணுக்குப் போயிட்டு வந்து, எதுவும் சாப்பிடறதுக்கு முன்னாடி, ஒரே மாதிரி துணியில, ஒரே மெஷின்ல எடை பாருங்க. இந்த அட்டையில எழுதுங்க. 3 நாளில் 2 கிலோவுக்கு மேல ஏறினா எங்களுக்கு போன் பண்ணுங்க.”

பிறகு கேட்டேன்: “வீட்டுக்குப் போனதும் உங்க பையன் கேக்கிறார்னு வைங்க, ‘அப்பா, தினமும் எதுக்கு இது மேல ஏறி நிக்கிறீங்க?’ன்னு. அவருக்கு என்ன சொல்வீங்க?”

அவர் யோசிக்கவே இல்லை. “உடம்பு தேறுதான்னு பாக்கத்தான். எடை கூடினா உடம்பு தேறுதுன்னுதானே சிஸ்டர்?”

நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். நம் பேச்சில் நோயில் விழுந்தவன் இளைப்பான், தேறினவன் சதை போடுவான். நான் ‘ஏறினா போன் பண்ணுங்க’ என்றதை அவர் நல்ல சேதி சொல்லத்தான் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டிருந்தால், 4 கிலோ ஏறிய பிறகும் சந்தோஷமாக அட்டையில் எழுதிக்கொண்டிருப்பார்.

இந்த இடத்தில் அதே வாக்கியத்தைக் கொஞ்சம் சத்தமாகத் திருப்பிச் சொல்வதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. முதல் தடவை ஏறாத வாக்கியம் இரண்டாம் தடவையும் ஏறாது. வேறு வழியில் போக வேண்டும். மேஜையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு இருந்தன. எடுத்து அவர் கைக்கு ஒன்றாகக் கொடுத்தேன்.

“ஒரு பாட்டில் ஒரு லிட்டர், ஒரு கிலோ. மூணு நாளில் ரெண்டு கிலோ சதை யாருக்கும் போடாது ஐயா. மெஷின்ல ரெண்டு கிலோ ஏறிச்சுன்னா இந்த ரெண்டு பாட்டிலும் உங்க உடம்புக்குள்ள தேங்கியிருக்குன்னு அர்த்தம். கால்லயோ நுரையீரல்லயோ.”

பாட்டில்களைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பார்த்தார். மறுபடி கேட்டேன்: “இப்ப பையன் கேட்டா?”

“தண்ணி சேருதான்னு பாக்கறேன்பேன். சேர்ந்தா உங்களுக்குச் சொல்லணும்.”

காரணம் பிடிபட்டுவிட்டது. ஆனால் இதோடு விட்டால் பாதி வேலைதான். காரணம் தெரிந்தவர் எல்லாரும் அட்டையில் இருக்கும் எண்ணைப் படித்து முடிவெடுப்பார் என்று சொல்ல முடியாது. ‘நான் என்ன சொன்னேன்?’ என்று கேட்டால் நம் வார்த்தை கிளிப்பிள்ளை மாதிரி திரும்பி வரும். ‘இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டால்தான் அவர் மண்டையில் ஓடுவது வெளியே வரும். நான் காகிதத்தில் நான்கு எண் எழுதினேன்:

திங்கள் 68.0
செவ்வாய் 68.6
புதன் 69.3
வியாழன் 70.1

“இப்படி வந்தா எந்த நாள் போன் போடுவீங்க?”

விரலை ஒவ்வொரு வரியாக வைத்துப் பார்த்தார். “இது அறுநூறு கிராம். இது எழுநூறு. இது எண்ணூறு. ரெண்டு கிலோ எங்கயும் ஏறலையே. போன் வேண்டாம்.”

கணக்கு சரி. அவர் ஒவ்வொரு நாளையும் முந்தின நாளோடுதான் ஒப்பிடுகிறார். திங்களிலிருந்து வியாழன் வரை 2.1 கிலோ ஏறியிருப்பது அந்தக் கணக்கில் விழவே விழாது. எடை பார்க்கச் சொல்லி அனுப்பியும் திரும்பி வந்தவர்களின் அட்டைகளைப் புரட்டினால் இந்தத் தப்பைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒழுங்காகத் தினமும் எழுதியிருப்பார்கள். படியேறுவது மாதிரி ஏறியிருக்கும். எந்த ஒரு படியும் பெரிதாக இராது.

அதனால் ‘3 நாளில் 2 கிலோ’ என்ற விதியை நோயாளியிடம் கொடுக்காமல் அதை நானே கணக்குப் போட்டு ஒற்றை எண்ணாக மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தேன். அட்டையின் தலையில் தடித்த பேனாவால் எழுதினேன்: ‘68. 70 வந்தால் போன்.’ முந்தின நாளைப் பார்க்கவே வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. மூன்று வாரமாகத் தினமும் நூறு நூறு கிராமாக ஏறினால் 3 நாள் விதியில் அது எப்போதும் மாட்டாது. 70 என்ற கோட்டில் மாட்டிவிடும்.

மறுபடி அதே நான்கு எண்ணையும் காட்டினேன். “வியாழக்கிழமை,” என்றார் உடனே. பிறகு, நான் கேட்காமலே, “புதன்கிழமையே பாத்துக்கிட்டே இருக்கணும் போல,” என்றார். சொந்த யோசனையாக ஒன்று சேர்ந்து வந்தால் விஷயம் உள்ளே இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த 68 என்ற எண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது உங்கள் வார்டு மெஷினின் எண். அவர் வீட்டு மெஷின் அதே ஆளை 67 என்றோ 69 என்றோ காட்டலாம். ஆகவே அட்டையில் பென்சிலால் எழுதி, வீட்டுக்குப் போன மறுநாள் காலை வீட்டு மெஷினில் வரும் எடையை முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள். முதல் போன் பேச்சில் அதைக் கேட்டு, கோட்டை அந்த எண்ணிலிருந்து 2 கூட்டி மாற்றுங்கள். மெஷினை மெத்து மெத்தென்ற விரிப்பின் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும், சமமான தரையில் வைக்கச் சொல்லுங்கள்.

எல்லைக்கோடு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதலில் 3 நாளில் 2 கிலோவுக்கு மேல். அமெரிக்க இதய சங்கம் ஒரே நாளில் 2 முதல் 3 பவுண்டு, அதாவது ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை வரை, அல்லது ஒரு வாரத்தில் 5 பவுண்டு என்கிறது. உங்கள் மருத்துவர் எதைச் சொல்கிறாரோ அந்த ஒன்றை மட்டும் கொடுங்கள். இரண்டையும் கொடுத்தால் அவர் தனக்கு வசதியானதைப் பிடித்துக்கொள்வார்.

எடை ஒன்றையே நம்பவும் முடியாது. பசி இல்லாமல் சதை கரைந்துகொண்டே தண்ணீர் சேர்ந்தால் மெஷின் அசையாது. அதனால் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கிறேன்: “மெஷின் 68லயே நிக்குது. ஆனா ரெண்டு நாளா தலைகாணி ஒண்ணுக்கு ரெண்டா வச்சாத்தான் தூங்க முடியுது. போன் போடுவீங்களா, மெஷினை நம்பி இருப்பீங்களா?” போடுவேன் என்று வர வேண்டும். செருப்பு திடீரென்று இறுக்குவதும், வழக்கமான படிக்கட்டில் பாதியில் நின்று மூச்சு வாங்குவதும் இதே கணக்குதான்.

மாத்திரைக்கு வருகிறேன். பட்டியல் முழுவதையும் திருப்பிச் சொல்லவைப்பதில் பயனில்லை. பெயரெல்லாம் பெட்டியில் எழுதியிருக்கிறது. தப்பு நடக்கும் இடங்களை மட்டும் கேளுங்கள். முதல் இடம், ‘தண்ணி மாத்திரை’ என்று நாம் சொல்லும் அந்தப் பெயரே. நிறையத் தண்ணீரோடு போட வேண்டிய மாத்திரை என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் பெரிய சொம்பு நிறையக் குடித்தவரைப் பார்த்திருக்கிறேன். இப்போது ‘தண்ணியை வெளியேத்துற மாத்திரை’ என்று முழுசாகச் சொல்கிறேன்.

அவரிடம் கேட்டது: “காலையில ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பணும். போற வழியில கழிவறை கிடையாது. இந்த மாத்திரையை என்ன பண்ணுவீங்க?”

அவர் என்னைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். மனைவி, “அன்னைக்கு விட்டுடுவாரு சிஸ்டர், போன தடவையும் அதுதான்,” என்றார்.

திட்டினால் அடுத்த தடவை உண்மை வராது. “நல்லதாப் போச்சு, சொன்னீங்க. விடாம, நேரத்தை மாத்திக்கலாம். திரும்பி வந்து மத்தியானம் போடுங்க. சாயங்காலத்துக்கு மேல போட்டா ராத்திரி தூக்கம் கெடும், அதனால அதுக்கு முன்னாடி. இப்ப சொல்லுங்க, கல்யாணம் காலை 10 மணிக்கு, வீட்டுக்கு வர 2 மணி ஆகுது. எப்ப போடுவீங்க?” “வந்ததும் ரெண்டு மணிக்கு.” முடிந்தது. மருத்துவரிடம் முன்னமே கேட்டு வைத்துக்கொண்டு இந்த நேர மாற்றத்தைச் சொல்லுங்கள். எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தாது.

இரண்டாவது, வலி மாத்திரை. “முழங்கால் வலி தாங்கலை. வீட்டுல என்ன மாத்திரை இருக்கும், எதைப் போடுவீங்க?” என்று கேட்டால் ஐபுபுரூஃபன் அல்லது டைக்லோஃபெனாக் வெளியே வரும். இவை சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் நிறுத்திவைத்து, நாம் வடித்ததைத் திரும்பச் சேர்த்துவிடும். பாராசிட்டமால் போதும், அதுவும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வகை வேண்டாம், அதில் சோடியம் அதிகம் என்று சொல்லி, மறுபடி அதே கேள்வி.

மூன்றாவது, உப்பு. ‘உப்பைக் குறைங்க’ என்றால் சாப்பிடும்போது மேலே தூவுவதை நிறுத்துவார்கள், சமையலில் போடுவது அப்படியே இருக்கும். சிலருக்கு இரத்தப் பரிசோதனையில் யூரியா, கிரியாட்டினினைச் சொல்லும் ‘உப்பு’ என்று காதில் விழும். நாள் முழுக்க 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், சமையல், பாக்கெட் உணவு எல்லாம் சேர்த்து என்று சொல்லுங்கள். பிறகு சமைப்பவரிடம் திரும்பி, “அம்மா, நாளைக்குச் சமைக்கும்போது முதல்ல எதை மாத்துவீங்க?” என்று கேளுங்கள். அவர், “சோடியம் குறைஞ்ச உப்புன்னு விக்குதே, அதை வாங்கிடறேன்,” என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில் மாதிரி மருந்து எடுப்பவருக்கு ஏற்கெனவே இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும் வாய்ப்பு உண்டு. அது இதயத் துடிப்பையே தடுமாறவைக்கும். நல்லது செய்ய நினைத்துச் செய்யும் தப்பு இது, கேட்டால் ஒழிய வெளியே வராது.

கடைசியாக, யாரைக் கூப்பிடுவது. இங்கே இரண்டு கூடை மட்டும் வையுங்கள். எடை கோட்டைத் தொட்டது, வீக்கம், தலையணை கூடியது, எழுந்து நின்றால் தலை சுற்றுவது, வாந்தி பேதி வந்தது: இதற்கெல்லாம் அன்றே போன். வாந்தி பேதியை மறக்காமல் சொல்லுங்கள். நீர் வற்றும் நேரத்தில் நீரை வெளியேற்றும் மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும், மாத்திரையைத் தாற்காலிகமாக நிறுத்துவதா என்று மருத்துவர் சொல்ல வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால், படுக்கவே முடியாவிட்டால், நுரை நுரையாகச் சளி வந்தால், நெஞ்சு வலித்தால், மயங்கி விழுந்தால் நமக்குப் போன் போட்டுக் காத்திருக்கக் கூடாது, ஆம்புலன்ஸ்.

கேள்வி இது: “சனிக்கிழமை ராத்திரி. எடை 70.4. கால் வீங்கியிருக்கு, ஆனா மூச்சு நல்லா இருக்கு. அட்டையில இருக்கிற நம்பருக்குப் போட்டா யாரும் எடுக்கலை. என்ன செய்வீங்க?” அவர் சொன்னது: “திங்கக்கிழமை போடுவேன்.” அப்போதுதான் எனக்கே உறைத்தது, இரவு நேரத்துக்கான எண்ணை நான் அட்டையில் எழுதவே இல்லை. டீச்-பேக் சில சமயம் நம் அட்டையின் ஓட்டையைத்தான் காட்டும். எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி கேட்டேன்.

இதெல்லாம் சேர்ந்து எனக்கு இருபது நிமிடம் ஆனது. ஒரே மூச்சில் அல்ல: எடையை முந்தின நாள் மாலையும், மீதியை டிஸ்சார்ஜ் அன்று காலையும். காலையில் தொடங்கும்போது முந்தின நாளின் எடைக் கேள்வியைத்தான் முதலில் கேட்டேன். இரவு தாண்டி நிற்கிறதா என்று அப்போதுதான் தெரியும். மூன்று தடவை வேறு வேறு விதமாகச் சொல்லியும் ஒரு விஷயம் திரும்பி வரவில்லையென்றால் நான்காம் தடவை சொல்ல வேண்டாம். அவருக்கு நினைவு மங்கல் இருக்கலாம், இந்த நோயில் அது அபூர்வமில்லை. மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வேலையை வீட்டில் வேறொருவர் பெயருக்கு மாற்றி, அவரிடம் டீச்-பேக் செய்யுங்கள்.

குறிப்பேட்டில் ‘டீச்-பேக் செய்யப்பட்டது, புரிந்துகொண்டார்’ என்று எழுதாதீர்கள். அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள்: ‘எடை கூடினால் தேறுகிறது என்று நினைத்திருந்தார், பாட்டில் காட்டிய பின் “தண்ணி சேருதான்னு பாக்கறேன்” என்றார். வெளியூர் போகும் நாளில் நீர் மாத்திரையை விடும் பழக்கம் உண்டு. வந்ததும் போட ஒப்புக்கொண்டார். இரவு எண் கொடுக்கப்பட்டது.’ அடுத்து போன் செய்யும் நர்ஸுக்கு எங்கே தொட வேண்டும் என்று இதிலிருந்து தெரியும்.

அந்தப் போனை மூன்றாம் நாளுக்குள் போடுங்கள். “எடை பாக்கிறீங்களா?” என்று கேட்டால் பாக்கறேன் என்றுதான் வரும். “அட்டையை எடுத்து வந்து மூணு நாள் எண்ணையும் படிங்க,” என்று கேளுங்கள். 68, 68, 68 என்று தட்டையாக வந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான உடம்பு தினமும் சில நூறு கிராம் இப்படியும் அப்படியும் ஆடும். இவர் படித்தது 67.3, 67.1, 67.6. கோட்டை 69.3 என்று மாற்றி எழுதச் சொன்னேன். போனிலேயே பேனா தேடும் சத்தம் கேட்டது.